அடுத்த வேலை எது? முன்னுரிமை வரிசை விடை சொல்லும் விதம்

வங்கியின் சர்வரில் ஒரே நேரத்தில் பல வேலைகள் வந்து குவிகின்றன. வாடிக்கையாளருக்கு ஓடிபி அனுப்ப வேண்டும். பணம் கட்டியவருக்கு ரசீது போக வேண்டும். மாதாந்திரக் கணக்கறிக்கை தயாராக வேண்டும். பேக்கப் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அவசரத்தைக் குறிக்கும் ஓர் எண் உண்டு. எண் சிறியதாக இருந்தால் அவசரம் அதிகம். கை ஒழிந்ததும் சர்வர் கேட்பது ஒரே கேள்விதான்: இப்போது எதைச் செய்வது? அதற்கு உடனே விடை தரும் அமைப்புக்கு முன்னுரிமை வரிசை என்று பெயர்.

எல்லா வேலைகளையும் எண் வரிசையில் அடுக்கி வைத்துவிட்டால் போதாதா என்று தோன்றும். அடுக்கிய பட்டியலில் முதல் வேலையை எடுப்பது சுலபம். புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போதுதான் சிக்கல். இடத்தைக் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. அந்த இடத்தில் நுழைக்க, பின்னால் இருப்பவை அனைத்தும் ஒவ்வொரு இடம் நகர வேண்டும். பத்து லட்சம் வேலைகள் காத்திருந்தால், சராசரியாக ஐந்து லட்சம் நகர்த்தல்கள். அத்தனையும் ஐம்பதாவது வேலைக்கும் ஐம்பத்தொன்றாவதுக்கும் இடையே உள்ள ஒழுங்கைக் காப்பதற்காக. அந்த ஒழுங்கை இந்த நிமிடத்தில் யாரும் கேட்கவில்லை.

முன்னுரிமை வரிசையை அமைக்கப் பெரும்பாலும் பயன்படுவது ஹீப். 1964இல் ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ் இதை வெளியிட்டார். ஹீப்பில் ஒரே ஒரு விதிதான். ஓர் இடத்தின் எண் k என்றால், அதன் கீழே 2k, 2k+1 ஆகிய இரண்டு இடங்கள் உள்ளன. மேலே இருப்பது கீழே உள்ள இரண்டையும்விடப் பெரியதாக இருக்கக் கூடாது. கீழே உள்ள இரண்டுக்குள் எது முன், எது பின் என்று விதி எதுவும் சொல்வதில்லை. இந்த அரைகுறை ஒழுங்கில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

ஏழு வேலைகள் இப்படி இருப்பதாகக் கொள்வோம்:

```
2 5 3 9 6 8 7
```

இப்போது 4 வருகிறது. முதலில் அது கடைசியில், எட்டாவது இடத்தில் அமர்கிறது. அதற்கு மேலே இருப்பது நான்காவது இடம்; அங்கே 9. நான்கு சிறியது, ஆகவே இரண்டும் இடம் மாறுகின்றன. அடுத்து மேலே இரண்டாவது இடத்தில் 5, மீண்டும் மாற்றம். அதற்கும் மேலே 2 இருப்பதால் பயணம் அங்கே முடிகிறது:

```
2 4 3 5 6 8 7 9
```

எடுக்கும்போது திசை தலைகீழ். உச்சியிலிருந்த 2 வெளியேறியதும், கடைசியிலிருந்த 9 அந்த இடத்துக்கு வருகிறது. கீழே உள்ள 4, 3 இரண்டில் சிறியதான 3 மேலேறுகிறது, 9 கீழிறங்குகிறது. பிறகு 8, 7 இரண்டில் 7 மேலேறுகிறது:

```
3 4 7 5 6 8 9
```

ஒவ்வோர் அடியிலும் ஒரு மட்டம் கடக்கப்படுகிறது. பத்து லட்சம் வேலைகள் இருந்தாலும் மட்டங்கள் ஏறத்தாழ இருபதுதான். ஐந்து லட்சம் எங்கே, இருபது எங்கே! ஆனால் காத்திருப்பவை சில டஜன் மட்டுமே என்றால், அடுக்கிய பட்டியலே போதும். வித்தியாசத்தை உணரவே முடியாது.

ஹீப்பை அப்படியே திரையில் காட்டினால் எண்கள் முன்பின்னாகத் தெரியும். புதிதாகப் பழகுபவர்கள் இதைப் பிழை என்று எண்ணித் திகைப்பதுண்டு. முழு வரிசையையும் பார்க்க வேண்டுமென்றால், ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வர வேண்டும், அல்லது ஒரு நகலை அடுக்கிக்கொள்ள வேண்டும். காத்திருப்போர் பட்டியலை அடிக்கடி காட்ட வேண்டிய இடத்துக்கு ஹீப் பொருந்தாது.

ஒரே எண்ணுள்ள இரண்டு வேலைகளில் முதலில் வந்ததுதான் முதலில் போகும் என்றும் ஹீப் உறுதி தருவதில்லை. அதனால் எண்ணோடு ஒரு வரிசை எண்ணையும் சேர்த்துப் போடுவது வழக்கம். பைத்தானில்:

```python
import heapq
jobs = []
heapq.heappush(jobs, (6, 101, "statement"))
heapq.heappush(jobs, (2, 102, "otp"))
heapq.heappush(jobs, (2, 103, "otp"))
heapq.heappop(jobs)   # (2, 102, 'otp')
```

உள்ளே காத்திருக்கும் வேலையின் எண்ணைத் தன்னிச்சையாகத் திருத்துவதுதான் உண்மையான ஆபத்து. விதி முறிந்துபோகும், ஆனால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. 7 வெளிவந்த பிறகு, முன்பே உள்ளே இருந்த 4 வெளிவந்தால், இப்படி ஏதோ நடந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். பழைய வேலையை ரத்து என்று குறித்து உள்ளேயே விட்டுவிட்டு, புதிய எண்ணோடு மறுபடி சேர்ப்பது பாதுகாப்பான வழி. ரத்தானது உச்சிக்கு வரும்போது தள்ளிவிடப்படும்.

ஓடிபிகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தால், எண் 9 உள்ள பேக்கப்புக்கு முறையே வராது. காத்திருக்கக் காத்திருக்க எண்ணைக் குறைக்கலாம்தான். ஆனால் அது உள்ளே கைவைக்கும் வேலை. அதைவிட எளிய வழி, வந்த நேரத்தோடு பொறுக்கக்கூடிய நேரத்தைக் கூட்டி, அதையே எண்ணாகக் கொடுப்பது. ஓடிபிக்கு இரண்டு நொடி, பேக்கப்புக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால், பத்து மணிக்கு வந்த பேக்கப்பின் எண் பதினொரு மணி. பதினொரு மணிக்கு ஒரு நொடி முன்பு வரும் ஓடிபியின் எண் பதினொரு மணி தாண்டி ஒரு நொடி. ஆகவே அந்த ஓடிபிக்கு முன்பாகவே பேக்கப் புறப்பட்டுவிடும். உள்ளே இருக்கும் எந்த எண்ணையும் தொட வேண்டியதில்லை.