நண்பகலில் இஸ்திரிப்பெட்டியைப் போட்டுப் பாருங்கள்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு வீடு. மாடியில் 540 வாட் பேனல் நான்கு. கீழே 3 கேவிஏ ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர் டியூபுலர் பேட்டரி இரண்டும். மாட்டி நாலு மாதம் ஆகியும் கரண்ட் பில் பெயருக்குத்தான் குறைந்திருந்தது. பேனலில் தூசி, ஒயரில் கோளாறு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் மாடிப்பக்கமே போகவில்லை. இன்வெர்ட்டர் திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, பேனல் நல்லாத்தான் இருக்கு. செட்டிங் கம்பெனியிலேர்ந்து வந்தபடியே கிடக்கு" என்றார்.

அது எப்படி அவருக்குத் தெரிந்தது? மணி பன்னிரண்டு, நல்ல வெயில். 2,160 வாட் பேனல் இருந்தும் திரையில் சோலார் 60 வாட் என்று காட்டியது. இஸ்திரிப்பெட்டியைப் போடச் சொன்னார். வீட்டு லோடு சட்டென்று 750 வாட் ஏறியது, ஆனால் சோலார் எண் 60-லேயே நின்றது. இஸ்திரிப்பெட்டிக்கு வந்தது முழுக்க மின்வாரிய கரண்ட். பேனல், வாங்க ஆள் இருந்தால்தான் கொடுக்கும். பேட்டரி காலை பதினொரு மணிக்கே நிறைந்துவிட்டது, வீடோ லைனில் ஓடுகிறது. அதற்குப் பிறகு அடித்த வெயிலெல்லாம் வீண். உங்கள் வீட்டிலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். பேட்டரி நிறைந்த ஒரு நண்பகலில் இஸ்திரிப்பெட்டியைப் போட்டதும் சோலார் எண்ணும் கூடவே ஏறினால் செட்டிங் சரி.

இன்வெர்ட்டருக்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. வீட்டுக்கு யார் முதலில் கொடுப்பது என்பது ஒன்று. பேட்டரியை யார் நிரப்புவது என்பது மற்றொன்று. பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பரவலாக விற்கும் ஒரு வகை இயந்திரத்தில் முதல் கேள்விக்கு எண் 01, இரண்டாவதற்கு எண் 16. Enter பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் செட்டிங் பக்கம் திறக்கும். மேல், கீழ் பட்டன்களால் எண்ணைத் தேடி, மறுபடி Enter அழுத்தி மாற்றலாம். மற்ற கம்பெனிகளில் எண்ணும் பெயரும் மாறும், விஷயம் இதுதான்.

01-இல் மூன்று வழிகள். UTI என்றால் வீட்டுக்கு முதலில் லைன் கரண்ட், அது போனால்தான் சோலாரும் பேட்டரியும். சில மாடல்களில் இதையே USB என்று போட்டிருப்பார்கள். கம்பெனியிலிருந்து பெரும்பாலும் இந்த நிலையில்தான் வருகிறது. SUB என்றால் முதலில் சோலார், போதாததை லைன் கொடுக்கும், பேட்டரி கரண்ட் கட்டுக்காகக் காத்திருக்கும். SBU என்றால் சோலாருக்கு அடுத்து பேட்டரி, அதுவும் இறங்கிய பிறகுதான் லைன். ஒரு எச்சரிக்கை: SOL என்று காட்டும் பழைய மாடல்களில் சோலார் போதாதபோது லைனுக்குப் பதில் பேட்டரிதான் கை கொடுக்கும். ஆகவே கையேட்டில் அந்த ஒரு பக்கத்தையாவது படித்துவிடுங்கள்.

கோவில்பட்டி வீட்டில் SUB வைத்தார்கள். பகலில் ஃப்ரிட்ஜ், ஃபேன், மிக்ஸி, வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார் என்று ஓடுவதில் நாளுக்கு நாலு யூனிட் சோலாருக்கு மாறினாலும், இரண்டு மாத பில்லில் 240 யூனிட் குறையும். தமிழ்நாட்டில் அடுக்கு ஏற ஏற விலையும் ஏறுவதால், குறைவது மேல் அடுக்கு யூனிட். 2024 கட்டணப்படி 401 முதல் 500 வரை யூனிட்டுக்கு 6 ரூபாய் 45 காசு.

இங்கேதான் ஓர் ஆசை வரும். பகலுக்கு சோலார், ராத்திரிக்கு பேட்டரி என்று SBU வைத்தால் பில் இன்னும் குறையுமே? குறையும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு 150 ஆம்பியர் பேட்டரியில் இருப்பது 3.6 யூனிட். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. இன்வெர்ட்டர் தின்பது போக, ஒரு ராத்திரிக்குக் கிடைப்பது ஒன்றரை யூனிட். தினமும் இப்படி இறக்கி ஏற்றினால் 1,200 தடவை தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். வாழ்நாள் முழுக்க 1,800 யூனிட். ஜோடி பேட்டரி 32,000 ரூபாய் என்றால், யூனிட்டுக்கு ஏறக்குறைய 18 ரூபாய் விழுகிறது. 1,000 யூனிட்டுக்கு மேல் எரிப்பவருக்கே லைன் கரண்ட் 11 ரூபாய் 80 காசுதான். லெட் ஆசிட் பேட்டரியை பில் குறைக்கப் பயன்படுத்துவது நஷ்டம் என்பதை நான் உறுதியாகவே சொல்வேன். அதோடு ராத்திரி ஒன்பது மணிக்கு பேட்டரி இறங்கிக் கிடக்கும்போது கரண்ட் போனால், எதற்காக வாங்கினோமோ அந்த வேளைக்கு அது உதவாது.

லித்தியம் பேட்டரியில் கணக்கே வேறு. 25.6 வோல்ட், 100 ஆம்பியர் பேட்டரி இரண்டு யூனிட் தரும், 3,000 தடவைக்கும் மேல் தாங்கும். விலை 45,000 என்று வைத்தால் யூனிட் ஏழரை ரூபாய். 500 யூனிட்டைத் தாண்டுகிற வீட்டில் SBU கட்டுப்படியாகும்.

SBU வைப்பவர்கள் இன்னும் இரண்டு எண்களைக் கவனிக்க வேண்டும். 12 என்பது பேட்டரி எந்த வோல்டேஜுக்கு இறங்கினால் லைனுக்கு மாறுவது, 13 என்பது எந்த வோல்டேஜுக்கு ஏறினால் பேட்டரிக்குத் திரும்புவது. 24 வோல்ட் செட்டில் முதலாவது 23 என்று வரும், அதாவது ஒரு பேட்டரிக்கு 11.5. டியூபுலருக்கு அது மிகவும் கீழே, 24-க்கு ஏற்றிவிடுவது நல்லது. இரண்டு எண்களும் நெருக்கமாக இருந்தால் வேறு தொல்லை. மோட்டார் போட்டதும் வோல்டேஜ் சரிந்து லைனுக்கு மாறும். மோட்டாரை நிறுத்தியதும் வோல்டேஜ் தானே ஏறி பேட்டரிக்குத் திரும்பும். ரிலே டக் டக்கென்று அடிக்கும், விளக்கு கண் சிமிட்டும். 13-ஐ FUL என்று வைத்தால் முழுக்க நிறைந்த பிறகே திரும்பும், லெட் ஆசிட்டுக்கு அதுதான் நல்லது. லித்தியத்தில் வோல்டேஜ் நெடுநேரம் அசையாமல் நிற்கும், அதை வைத்து இருப்பைச் சொல்ல முடியாது. பேட்டரியின் பிஎம்எஸ்ஸிலிருந்து இன்வெர்ட்டருக்கு டேட்டா கேபிள் கொடுத்து, சதவீதக் கணக்கில் வைக்க வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி, பேட்டரியை நிரப்புவது. 16-இல் OSO என்றால் சோலார் மட்டும். CSO என்றால் முதலில் சோலார், அது இல்லாதபோது லைன். SNU என்றால் இரண்டும் சேர்ந்து. SNU-வில் வெயில் இருக்கும்போதே லைன் கரண்டும் பேட்டரிக்குள் போய் பில்லில் ஏறும்.

SUB வைத்த வீட்டுக்கு CSO பொருந்தும். சாயங்காலம் ஒரு கரண்ட் கட், விடியும் முன் இன்னொன்று என்று வந்தாலும், இடையில் லைன் பேட்டரியை நிரப்பி வைத்திருக்கும். ஆனால் SBU-வோடு CSO சேர்ந்தால் வேடிக்கையாக ஒன்று நடக்கும். ஒன்பது மணிக்கு பேட்டரி இறங்கி வீடு லைனுக்கு மாறும், லைன் பேட்டரியை நிரப்பத் தொடங்கும். விடியற்காலையில் நிறைந்ததும் வீடு மறுபடி பேட்டரிக்கு மாறும். காசு கொடுத்து வாங்கிய கரண்டை பேட்டரியில் ஊற்றி, அதையே இறைத்துச் செலவழிப்போம். சூரியன் வருவதற்கு முன்பே திரையில் பேட்டரி நிறைந்ததாகக் காட்டினால் இதுதான் காரணம். SBU-வுக்கு OSO-வே சரி.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் இதை மாற்றுங்கள். நாலைந்து நாள் வெயிலே இல்லாமல் லெட் ஆசிட் பேட்டரி பாதியில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டுப்போகும். மழை பிடித்ததும் 01-ஐ SUB-க்கும் 16-ஐ CSO-வுக்கும் மாற்றிவிட்டு, வானம் வெளுத்த பிறகு பழையபடி வைத்துக்கொள்ளலாம்.