மூவர் வீட்டுக்கு எந்த வண்டி?

அப்பா, அம்மா, ஏழு வயதுப் பிள்ளை. ஸ்கூட்டரா, பைக்கா? சட்டப்படி ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவர்தான் உட்காரலாம். அதனால் மூவரையும் ஒன்றாக ஏற்றும் வண்டியைத் தேடாமல், பெற்றோர் இருவரும் மாறிமாறி ஓட்டக்கூடியதைத் தேடுங்கள்.

பள்ளி, கடை என்று ஊருக்குள் சுற்ற ஸ்கூட்டர் வசதி: சீட்டுக்கு அடியில் சாமான், கால் வைக்கும் இடத்தில் காய்கறிப் பை. ஆனால் அதன் 10 அல்லது 12 அங்குலச் சக்கரம் பள்ளத்தில் ஆழமாக இறங்கும். மோசமான சாலையில் தினமும் நெடுந்தூரம் என்றால், 17 அங்குலச் சக்கர பைக் நிலையாக ஓடும்.

வாங்குமுன் பிள்ளையைப் பின்சீட்டில் உட்கார வையுங்கள். கால் ஃபுட்ரெஸ்டை எட்டாவிட்டால், பிரேக் பிடிக்கும்போது உடல் முன்னால் சரியும். இருவர் ஏறும்போது பின்டயரில் கையேடு சொல்லும் கூடுதல் காற்றும் வேண்டும். குறைந்தால் வளைவில் வண்டி அலையும்.