நானூறு ஆர்டர், மூன்று ஜாடி

வீட்டில் எலுமிச்சை ஊறுகாய் போட்டு விற்கும் ஒருவரின் ரீல்ஸ் ராத்திரியோடு ராத்திரியாக லட்சம் பேரைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விடிந்து பார்த்தால் 400 பாட்டிலுக்கு ஆர்டர், பணமும் வந்தாயிற்று. கையிருப்பு 90. அதில் 30 வாடிக்கைக் கடைகளுக்குச் சொல்லி வைத்தது. அதில் கை வைக்கக் கூடாது. ரீல்ஸ் பார்த்து வந்தவர்களில் பலர் திரும்ப வரமாட்டார்கள், கடைக்காரர் மாதாமாதம் வருவார்.

மிச்சம் 340. உடனே ஆள் சேர்க்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் இங்கே தடை ஆள் அல்ல, ஜாடி. நறுக்கி உப்பில் போட்ட எலுமிச்சை தோல் மெத்தென்று ஆக மூன்று வாரமாவது வேண்டும். ஒரு ஜாடிக்கு 60 பாட்டில் தேறும். வாரம் ஒரு ஜாடி இறங்கும்படி மூன்று ஜாடிகள் சுழல்கின்றன. அப்படியே போனால் கடைசி ஆர்டர் ஆறாவது வாரம்தான் கிளம்பும்.

இன்றே இன்னும் மூன்று ஜாடி வாங்கி, வாரத்துக்கு ஒன்றாக நிரப்பினால்? புது ஜாடியிலிருந்து முதல் பாட்டில் வருவது நான்காவது வாரம். கடைசி ஆர்டர் ஐந்தாவது வாரத்துக்கு வரும். ஒரே ஒரு வாரம் மிச்சம்! அதற்குள் ரீல்ஸ் அலையும் அடங்கியிருக்கலாம். அதனால் ஜாடி வாங்குவதை இரண்டு வாரம் ஆர்டர் வரத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதே என் கட்சி. கண்ணாடி பாட்டில், மூடி, லேபிள், அட்டைப்பெட்டி ஆகியவற்றை மட்டும் முன்கூட்டியே கொஞ்சம் கூடுதலாக வைத்திருக்கலாம், கெட்டுப்போகாது. மூடி தீர்ந்து பத்து கிலோ ஊறுகாய் காத்துக்கிடப்பதுபோல எரிச்சல் வேறில்லை.

அவசரப்பட்டு பாதி ஊறியதை அடைத்து அனுப்புவதுதான் பெரிய ஆபத்து. ஒரு துண்டை விரலால் நசுக்கினால் தெரிந்துவிடும்: தோல் விறைப்பாக நின்று, மென்றால் கசந்தால் அது இன்னும் ஆகவில்லை.

முதல் வேலை, இணையக் கடையில் இருப்பு எண்ணிக்கையைப் பூட்டுவது. வாட்ஸ்அப் ஆர்டரையும் அதே கணக்கில் கழிக்க வேண்டும். அடுத்து, பணம் வந்த வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் அன்றைக்கே செய்தி போக வேண்டும். “விரைவில் வரும்” என்பது பதிலாகாது. “உங்களுடையது நான்காவது ஜாடி. இன்னும் ஊறவில்லை. இன்றிலிருந்து ஐந்தாவது வாரக் கடைசியில் கூரியர் போடுவோம். காத்திருக்க முடியாதென்றால் சொல்லுங்கள், முழுப் பணத்தையும் இன்றே திருப்பிவிடுகிறோம்.” கணக்குப்படி நான்காவது வாரம்தான். ஒரு ஜாடி பூஞ்சை பிடித்தால் ஈடுகட்டவே ஒரு வாரம் சேர்த்திருக்கிறது.

இந்த வாரங்களில் கேஷ் ஆன் டெலிவரியை மூடிவிடலாம். ஐந்து வாரம் கழித்துப் பெட்டி வாசலுக்கு வரும்போது பலருக்குக் கேட்டதே மறந்திருக்கும். வேண்டாமென்றால் போக வரக் கூரியர் செலவு நம் தலையில்.