களத்தில் அளந்த நெல்லுக்குச் சாட்சி யார்?

காவிரிப் படுகையில் வாரச் சாகுபடி பெரும்பாலும் வாய்ப்பேச்சில்தான் நடக்கிறது. நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, விளைச்சலைக் களத்திலேயே பிரித்துக்கொள்வார்கள். பல ஊர்களில் வழக்கம் பாதிக்குப் பாதி.

சட்டம் சொல்வது வேறு. 1956-ஆம் ஆண்டு நியாயக் குத்தகைச் சட்டம், பின்னர் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, நில உரிமையாளருக்கு மொத்த விளைச்சலில் 25 சதவீதத்தைத்தான் நியாயக் குத்தகையாகத் தருகிறது. விதை, உழவு, உரம், அறுவடை எல்லாம் குத்தகைதாரர் செலவு. மூன்று ஏக்கரில் 90 மூட்டை கண்டுமுதல் என்றால், பாதி வாரத்தில் உரிமையாளருக்கு 45 மூட்டை போகும். சட்டப்படி இருபத்திரண்டரை. பாதி வாரத்தில் உரிமையாளரும் செலவில் பங்கேற்பது உண்டு. தகராறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது: அறுவடை இயந்திர வாடகையைக் கழித்த பிறகு பிரிப்பதா, பிரித்த பிறகு கழிப்பதா? முதலிலேயே எழுதி வைக்காதவர்கள் ஒவ்வொரு போகத்திலும் இதைக் களத்தில் நின்றே பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

இதைவிடக் கொடிய தகராறு, பங்கை வாங்க மறுப்பது. அறுவடை முடிந்து குத்தகைதாரர் நெல்லைக் கொடுக்கப் போவார். உரிமையாளர் “அப்புறம் பார்க்கலாம்” என்பார். சில மாதம் கழித்துப் பாக்கி என்று சொல்லி வெளியேற்ற மனு வரும். 1955-ஆம் ஆண்டு சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வெளியேற்றத்துக்கு ஒப்புக்கொள்ளும் காரணங்கள் சிலவே. அவற்றில் முதன்மையானது, தவணை வந்து ஒரு மாதத்துக்குள் குத்தகை செலுத்தாதது. இந்தப் பொறியிலிருந்து தப்பும் வழியையும் அதே சட்டம் வைத்திருக்கிறது. குத்தகை நெல்லாகத் தர வேண்டியதாக இருந்தால், அன்றைய சந்தை விலையைப் பணமாக வருவாய் நீதிமன்றத்தில் செலுத்திவிடலாம். ஊர்ப்பேச்சை நம்பி இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது: இவர் குத்தகைதாரர்தானா? உரிமையாளர் “கூலிக்கு வைத்த ஆள்” என்று சொல்லிவிட்டால் வழக்கு அங்கேயே சாய்ந்துவிடும். தானோ தன் குடும்பத்தாரோ உடலுழைப்பு கொடுத்துப் பயிரிடுபவருக்கே இந்தப் பாதுகாப்பு. முழுக்க ஆள் வைத்துச் சாகுபடி செய்பவருக்கு இல்லை. ஆகவே 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உள்ள குத்தகை உரிமைப் பதிவேட்டில் பெயர் ஏறியிருப்பதுதான் பெரிய பலம். மறுத்து நிரூபிக்கும்வரை அந்தப் பதிவு உண்மையாகவே கொள்ளப்படும். இதற்கான மனுவை வட்டாட்சியரிடம் தர வேண்டும்.

உரிமையாளர்கள் தயங்குவது இந்தப் பதிவுக்குத்தான். பதிந்தால் நிலம் கையைவிட்டுப் போகும் என்ற அச்சம் அவர்களுக்கு. அதனாலேயே அடங்கலில் தன் பெயர் இல்லாமல், கொள்முதல் நிலையத்தில் நெல் போடவும் பயிர்க் காப்பீடு செய்யவும் உரிமையாளரின் தயவை நாடி நிற்கிறார், அந்தப் பயிரை வளர்த்தவர். என் பார்வையில் வாரச் சாகுபடியின் பெரிய அநீதி இதுதான். எழுத்து ஒப்பந்தம் கிடைக்காதவர், ஒவ்வொரு போகத்திலும் அளந்து கொடுத்த நெல்லுக்குத் தேதியோடு கையெழுத்திட்ட ரசீதையாவது கேட்டு வாங்க வேண்டும். அதுவும் மறுக்கப்பட்டால், பணத்தை வருவாய் நீதிமன்றத்தில் கட்டிய ரசீதே பின்னாளில் அவருக்கு ஆதாரமாகும்.