பத்திரச் செலவைச் சரிபார்ப்பது எப்படி?

மனை வாங்குவோர் பலரும் பத்திர எழுத்தர் சொல்லும் மொத்தத் தொகையை அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கைப் பதிவுக்கு முன்பே நாமே போட்டுப் பார்க்கலாம், போட்டுப் பார்க்கவும் வேண்டும்.

தமிழ்நாட்டில் சாதாரணக் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரலுக்கு முன் பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது. எந்தத் தொகைக்கு இந்தச் சதவீதம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பேசி முடித்த விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 1,200 சதுர அடி மனை. அந்தத் தெருவின் வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 1,500 ரூபாய் என்றால் மொத்தம் 18 லட்சம். பத்திரத்தில் விலை 15 லட்சம் என்று எழுதியிருந்தாலும் கணக்கு 18 லட்சத்துக்குத்தான்: தீர்வை 1,26,000, கட்டணம் 36,000, ஆக மொத்தம் 1,62,000 ரூபாய். பதினைந்து லட்சத்துக்கு மட்டும் கட்டியிருந்தால் 27,000 ரூபாய் குறைவு. அதே மனையை உண்மையில் 24 லட்சத்துக்கு வாங்கியிருந்தால் 2,16,000 ரூபாய் கட்ட வேண்டும்.

வழிகாட்டி மதிப்பை tnreginet.gov.in தளத்தில் தெரு வாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் பார்க்கலாம். பத்திரத்தின் சொத்து விவரத்தில் உள்ள தெருப் பெயர், சர்வே எண், உட்பிரிவு மூன்றையும் அதில் ஒத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் மதிப்பு வேறுபட்டால், முத்திரைத்தாள் வாங்குமுன் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பழைய பத்திரத்தில் உள்ள மதிப்பை நம்ப வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் வழிகாட்டி மதிப்புகள் திருத்தப்பட்டிருக்கின்றன. அளவிலும் கவனம் வேண்டும். பத்திரத்தில் செண்டு, தளத்தில் சதுர அடி என்றிருந்தால், ஒரு செண்டு 435.6 சதுர அடி.

மனையில் வீடு இருந்தால் கட்டடத்தின் மதிப்பும் தனியே சேரும். வீட்டை மறைத்துக் காலிமனை என்று எழுதுவது மிகத் தவறு. பின்னர் இடத்தை ஆய்வு செய்யும்போது அது வெளிப்பட்டுவிடும், அந்தச் சுமை பெரும்பாலும் வாங்கியவர் தலையில்தான் விழும்.

மதிப்பு குறைவாகக் காட்டப்பட்டிருப்பதாகச் சார்பதிவாளர் கருதினால், இந்திய முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்படி சந்தை மதிப்பை நிர்ணயிக்க மேலே அனுப்புவார். அது முடியும்வரை வீட்டுக்கடன் கொடுத்த வங்கி அசல் பத்திரத்தைக் கேட்டு நெருக்கும்.

பதிவுக்கு முன் முத்திரைத்தாள்களின் மதிப்பையும் இணையவழியில் கட்டிய தீர்வையையும் கூட்டுங்கள். இந்த மனைக்கு அது 1,26,000 வர வேண்டும். பதிவுக் கட்டணத்தை இதில் சேர்க்கக் கூடாது, அதற்குத் தனி ரசீது. பதிவான பிறகு வில்லங்கச் சான்றில் ‘கைமாற்றுத் தொகை’, ‘சந்தை மதிப்பு’ என இரண்டு தொகைகள் இருக்கும். இவை பத்திரத்தில் உள்ளவையோடு பொருந்தவில்லை என்றால் உடனே சார்பதிவாளரிடம் திருத்தம் கேட்கலாம்.