கடன் பத்திரத்தின் தரமும் வட்டியும்

இரண்டு கம்பெனிகள் ஓராண்டுத் தவணையில் கடன் பத்திரம் வெளியிடுகின்றன என்று கொள்வோம். ஒன்று நூற்றுக்கு 7 ரூபாய் வட்டி தருவதாகவும், மற்றொன்று 9 ரூபாய் தருவதாகவும் கூறுகின்றன. 9 ரூபாய் தருவதே தாராளமான கம்பெனி என்று அங்கத்தினர் சிலர் எண்ணக்கூடும். அது தாராளம் அன்று. அக்கம்பெனியின் நாணயத்தில் உள்ள குறைக்கு அது செலுத்தும் விலையேயாகும். இதனை ஒரு கணக்கின் மூலம் விளக்க முற்படுகிறோம்.

கடன் பத்திரம் என்பது, வாங்கிய பணத்தை இன்ன தேதியில் இன்ன வட்டியுடன் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் உறுதிச் சீட்டு. அவ்வுறுதி எவ்வளவு நம்பத்தக்கது என்று ஆராய்ந்து தரம் குறிப்பதற்கென்று தனி நிறுவனங்கள் உள்ளன. நம் நாட்டில் முதன்முதலாக 1987-ஆம் ஆண்டில் கிரிசில் நிறுவப்பட்டது. பின்னர் இக்ரா, கேர் முதலியவை தோன்றின. கம்பெனியின் இலாபம் அதன் வட்டிச் சுமையைப் போல் எத்தனை மடங்கு, ஓராண்டுக்குள் தீர்க்க வேண்டிய கடனுக்கு ஈடாகக் கையில் ரொக்கம் உண்டா என்பன போன்றவற்றை இவை பார்வையிடுகின்றன. மிக உயர்ந்த தரம் ‘ஏஏஏ’. அதன்கீழ் ‘ஏஏ’, ‘ஏ’, ‘பிபிபி’ என்று படிப்படியாக இறங்கும். தவணை தவறிவிட்ட பத்திரத்துக்கு ‘டி’ என்று குறிப்பர்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒவ்வொன்றும் 1,000 ரூபாய் மதிப்புள்ள 100 பத்திரங்களை வாங்குகிறோம். அவை தவறவே மாட்டாத தரத்தனவாயின், 7 சத வட்டியில் ஆண்டு முடிவில் 1,07,000 ரூபாய் கைக்கு வரும்.

அதே பணத்தைத் தாழ்ந்த தரமுள்ள 100 கம்பெனிகளின் பத்திரங்களில், கம்பெனிக்கு ஒன்றாக இடுவோம். அவற்றுள் 3 தவறிவிடும் என்றும், தவறியவற்றிலிருந்து வட்டியின்றிப் பத்திரத்துக்கு 400 ரூபாய் மட்டுமே மீளும் என்றும் வைத்துக்கொள்வோம். மீள்வது 1,200 ரூபாய். எஞ்சிய 1,05,800 ரூபாயை 97 பத்திரங்கள் ஈட்டித் தந்தால்தான் முன்னைய கணக்குக்குச் சமமாகும். அதாவது ஒவ்வொரு பத்திரமும் ஏறத்தாழ 1,090 ரூபாய் 72 காசு தரவேண்டும். வட்டி நூற்றுக்கு 9 ரூபாய் 7 காசு ஆகிறது. இந்த வட்டியில் நாம் ஒரு காசுகூட அதிகம் சம்பாதிக்கவில்லை. நட்டத்தை ஈடுசெய்தோம், அவ்வளவே.

ஆனால் ஆண்டுதோறும் சரியாக மூன்றே தவறும் என்பதற்கு உறுதியில்லை. வியாபாரம் மந்தமான ஆண்டில் பல கம்பெனிகள் ஒருங்கே தவறும். தாழ்ந்த தரப் பத்திரத்தை அவசரத்துக்கு விற்கப் போனால் வாங்குவோரும் அரியர். இவ்விரு தொல்லைகளுக்கும் கடன் கொடுப்போர் மேலும் அரை சதமோ ஒரு சதமோ கேட்பர். ஆகவே தாழ்ந்த தரமுள்ள கம்பெனி அதிக வட்டி தந்தே தீரவேண்டும். தராவிடில் அதன் பத்திரத்தை வாங்குவார் இரார். வட்டியை விதிப்பது தரம் குறிக்கும் நிறுவனம் அன்று, பணம் கொடுப்போரே என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும்.

எனினும் தரக் குறியீடு ஒரு கருத்தேயன்றி ஜாமீன் அன்று. ஐ.எல். அண்டு எப்.எஸ். என்னும் நிறுவனம் 2018-ஆம் ஆண்டின் முற்பகுதியில் ‘ஏஏஏ’ தரத்தில் இருந்தது. சாலை முதலிய நெடுங்காலத் திட்டங்களில் முடங்கிய பணத்துக்கு அது குறுகிய காலக் கடன்களையும் நம்பியிருந்தது. பழைய கடனைத் தீர்க்கப் புதுக்கடன் கிட்டாதபோது தவணைகள் தவறின. அவ்வாண்டு செப்டம்பரில் அதன் தரம் ‘டி’ ஆயிற்று; அக்டோபரில் மத்திய அரசு அதன் நிர்வாகக் குழுவை மாற்றியமைத்தது. தரம் குறிப்பதற்கான கட்டணத்தைக் கடன் வாங்கும் கம்பெனியே செலுத்துகிறது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

ஆதலால் குறியீட்டை மட்டும் பார்த்தல் போதாது. தரம் எந்தத் தேதியில் குறிக்கப்பட்டது என்று நோக்க வேண்டும். நிறுவனம் வெளியிடும் காரண விளக்கத்தில், ஓராண்டுக்குள் தீர்க்க வேண்டிய கடன் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று படிக்க வேண்டும். ஒரே தரமும் ஒரே தவணையும் உள்ள பிற பத்திரங்களைவிட ஒன்று மட்டும் ஒரு சதம் கூடுதல் வட்டி தருமாயின், குறியீட்டில் இன்னும் ஏறாத ஐயம் ஒன்று சந்தையில் எழுந்திருக்கக்கூடும். அக்கூடுதல் வட்டி எந்த நட்டத்துக்கு ஈடு என்று கேட்டு, விடை கிடைத்த பின்னரே அங்கத்தினர்கள் தம் சேமிப்பை அதில் இடுதல் வேண்டும்.