முதல் கட்டம் முதல் தட்டு அல்ல

இந்துஸ்தானி பாட்டைக் கற்கத் தொடங்குபவர் கையில் கிடைக்கும் ஸ்வரத்தாள் பெரும்பாலும் பாத்கண்டே முறையில் எழுதப்பட்டிருக்கும். பம்பாயில் வழக்கறிஞராக இருந்த விஷ்ணு நாராயண் பாத்கண்டே (1860–1936) வகுத்த முறை இது. வாய்வழியாக மட்டுமே வந்த பாடல்களைக் கேட்டு, அதில் எழுதி ஆறு பாகங்களாக வெளியிட்டார். குறிகள் சிலவே. ஆனால் ஒன்றைத் தவறாகப் படித்தால் பாட்டு முழுவதும் நகர்ந்துவிடும்.

பூபாலி ராகத்தில், பதினாறு மாத்திரை கொண்ட தீன்தாலில், பயிற்சிக்காக எழுதிய ஒரு வரியைப் பார்ப்போம்.

க ரே க ப | த – ஸ̇ – | த‿ப க – ரே | ஸ த̣ ஸ ரே

இந்த நான்கு பகுதிகளுக்கும் கீழே வரிசையாக 0, 3, X, 2 என்று எழுதியிருக்கும். முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கீழ்வரிசையைத்தான். X என்பது ‘சம்’, அதாவது தாளத்தின் முதல் மாத்திரை. 2, 3 ஆகியவை தட்டு விழும் மற்ற இடங்கள். 0 என்பது ‘காலி’; அங்கே தட்டாமல் கையை வீச வேண்டும். தீன்தாலில் 1, 5, 13ஆம் மாத்திரைகளில் தட்டு, 9இல் வீச்சு.

நம் வரி 0இல் தொடங்குகிறது. ஆகவே முதல் ‘க’ ஒன்றாம் மாத்திரை அல்ல, ஒன்பதாவது. தீன்தாலில் பல பாடல்கள் இப்படித்தான் காலியில் எடுக்கப்படும். புதியவர் தாளின் முதல் கட்டத்தையே சம் என்று நினைத்து அங்கே தட்டிவிடுவார். ஸ்வரங்கள் சரியாக இருக்கும். ஆனால் ‘த‿ப’வில் விழ வேண்டிய அழுத்தம் எட்டு மாத்திரை தள்ளிப் போயிருக்கும். தபலாவோடு சேரும்போதுதான் தவறு தெரியும். அதனால் பாடுவதற்கு முன் ஒன்றிலிருந்து எட்டு வரை கையால் போட்டுவிட்டு, ஒன்பதில் கையை வீசும்போது ‘க’ எடுங்கள்.

அடுத்தது கட்டத்துக்குள் இருப்பது. தனியாக நிற்கும் ஒவ்வொரு எழுத்தும் ஒரு மாத்திரை. சிறு கோடு வந்தால் முந்தைய ஸ்வரத்தை இன்னொரு மாத்திரை நீட்ட வேண்டும், நிறுத்திவிடக் கூடாது. கர்நாடக சங்கீதத் தாளில் கார்வைக்கு இடும் காற்புள்ளியின் வேலையை இங்கே இந்தக் கோடு செய்கிறது. கீழே வளைவால் இணைத்த ‘த‿ப’ இரண்டும் சேர்ந்து ஒரே மாத்திரை, ஆளுக்கு அரை.

புள்ளிகள் ஸ்தாயியைச் சொல்கின்றன. மேலே புள்ளி இருந்தால் மேல் ஸ்தாயி, கீழே இருந்தால் கீழ் ஸ்தாயி, புள்ளி இல்லையென்றால் நடு ஸ்தாயி. நம் வரி ‘ஸ̇’ வரை ஏறி, பின் ‘ஸ’வுக்குக் கீழுள்ள ‘த̣’ வரை இறங்குகிறது. தமிழ் எழுத்தில் ‘ஸ̇’ மெய்யெழுத்துப் போலத் தெரியும். அது மேல் ஸ்தாயி ஸ்வரம்தான். கர்நாடகத் தாளுக்குப் பழகியவர்கள் கோட்டில் கவனமாக இருக்க வேண்டும். அங்கே எழுத்துகளுக்கு மேல் வரும் கோடு வேகத்தை இரட்டிப்பாக்கும். இங்கே எழுத்துக்கு அடியில் வரும் கோடு அந்த ஸ்வரத்தைக் கோமலமாக்கும், அதாவது சுருதியைக் குறைக்கும். ‘ம’வின் தலையில் செங்குத்துக் கோடு இருந்தால் அது தீவிர மத்யமம்.

பலுஸ்கர் முறையில் எழுதிய தாளும் கைக்கு வரலாம். அதில் மேல்புள்ளி கீழ் ஸ்தாயியைக் குறிக்கும். செங்குத்துக் கோடுதான் மேல் ஸ்தாயி. சம்முக்கு X இல்லாமல் 1 என்ற எண் இருந்தால் இந்தச் சந்தேகம் வர வேண்டும்.

திரும்பப் பாடுவதற்கான குறி தாளுக்குத் தாள் மாறும். பலர் வரியின் முடிவில் ×2 என்றோ, அடைப்புக்குள் 2 என்றோ எழுதுகிறார்கள். ஸ்வர வரிசைக்குக் கீழே தனியாக நிற்கும் X சம். வரியின் கடைசியில் எண்ணோடு வருவது இருமுறை பாடச் சொல்வது. (ப) என்று ஒரே ஸ்வரம் அடைப்புக்குள் இருந்தால் அது திருப்பமே அல்ல. அக்கம்பக்கத்து ஸ்வரங்களைத் தொட்டு அதே மாத்திரைக்குள் சுழற்றும் ‘கட்கா’ அது. பூபாலியில் ‘தபகப’ என்று வரும். பல தாள்களில் அந்தரா முடிந்தபின் ஸ்தாயியின் முதல் வரி மறுபடி எழுதப்பட்டிருக்காது. இருந்தும் அதைப் பாடித்தான் முடிக்க வேண்டும்.

திரும்பும்போது இடைவெளி கிடையாது. கடைசி ‘ரே’ எட்டாவது மாத்திரை. அடுத்த மாத்திரையே ஒன்பது, அங்கே ‘க’. மூச்சு வாங்க ஒரு மாத்திரை நின்றால் இரண்டாம் முறை வீச்சு ‘க’வில் விழாமல் அதற்கு முன்பே விழுந்துவிடும். முதல் எட்டு மாத்திரையை மட்டும் இருமுறை பாடினால், காலிக்குரிய ‘க ரே க ப’ சம்மில் வந்து நிற்கும். சரிபார்க்க ஒரே வழி போதும்: வரியை நிறுத்தாமல் மூன்று முறை பாடுங்கள். மூன்று முறையும் சம்முக்குரிய தட்டு ‘த‿ப’வில் விழுந்தால் தாளைச் சரியாகப் படித்திருக்கிறீர்கள்.